ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போனால் வங்கிக்கு எப்படி எழுதுவது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "கடையில ஒரு தடவைதான் பொருள் வாங்கினோம், கணக்குல ரெண்டு தடவை பணம் போயிருக்கு. யார்கிட்ட கேட்கிறது?" அதற்கு அன்றைக்கு நேரம் இல்லை. அதனால் இன்றைக்கு அந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசப் போறோம். நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு உறுப்பினருக்கு 2024 மார்ச்சில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'தையல் அக்கா' என்று வைத்துக்கொள்வோம்.

தையல் அக்கா மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, டவுனுக்குப் போய் ஒரு தையல் மெஷின் வாங்கினாங்க. விலை 8,450 ரூபாய். கணக்கில் அப்போது 18,920 ரூபாய் இருந்தது. கடைக்காரர் கார்டை மெஷினில் செருகினார், அக்கா பின் நம்பரைப் போட்டாங்க. மெஷின் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் தொடர்பு கிடைக்கவில்லை என்று காட்டியது. சிலிப் வரவில்லை. "நெட்வொர்க் சரியில்லம்மா, இன்னொரு தடவை போடுங்க" என்றார் கடைக்காரர். இரண்டாம் தடவை சிலிப் வந்தது. மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாங்க.

வீட்டுக்கு வந்து செல்போனைப் பார்த்தால் இரண்டு மெசேஜ். இரண்டிலும் 8,450 ரூபாய் எடுக்கப்பட்டதாக இருந்தது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு மெசேஜ் வந்தாலே இரண்டு முறை பணம் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது. சில நேரம் ஒரே மெசேஜ் இரண்டு முறை வரும். அதைக் கண்டுபிடிக்க மெசேஜின் கடைசியில் இருக்கும் இருப்புத் தொகையைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இருப்பு இருந்தால் பணம் ஒரு தடவைதான் போயிருக்கும். அக்காவின் முதல் மெசேஜில் இருப்பு 10,470. இரண்டாவதில் 2,020. ஆக, பணம் உண்மையிலேயே இரண்டு தடவை போயிருக்கிறது. மெசேஜில் இருப்பு இல்லை என்றால் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

15ஆம் தேதி குழுக் கடன் தவணை 2,500 ரூபாய் கட்ட வேண்டும். கணக்கில் இருந்ததோ 2,020 ரூபாய். அந்த மாதத் தவணையை அக்காவால் கட்ட முடியவில்லை. ஆறு வருஷமாக ஒரு தவணை தவறாதவங்க பெயர் தீர்மானப் புத்தகத்தில் பாக்கி என்று ஏறியது. "மெஷின் வாங்க காசு இருக்கு, தவணைக்கு இல்லையா?" என்று ஒருத்தர் கேட்டும் விட்டாங்க. ஒரு கடிதத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

முதல் மனு ஏன் பலிக்கவில்லை?

13ஆம் தேதி அக்கா வங்கிக்குப் போய் வாயால் சொன்னாங்க. "ரெண்டு மூணு நாள்ல வந்துடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் சொன்னபோது நாங்களும் "வந்துடும் அக்கா, பார்ப்போம்" என்றுதான் சொன்னோம். அன்றைக்கே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

15ஆம் தேதி, ஊரில் தெரிந்த ஒரு தம்பியிடம் சொல்லி மனு எழுதிக் கொண்டுபோனாங்க. அதில் இப்படி இருந்தது: "என் கணக்கிலிருந்து என் அனுமதி இல்லாமல் பணம் திருடப்பட்டுள்ளது. நான் ஏழைப் பெண். தக்க நடவடிக்கை எடுக்கவும்." தேதி இல்லை, தொகை இல்லை, கடையின் பெயர் இல்லை. அனுமதி இல்லாமல் திருட்டு என்று படித்ததும் வங்கியில் என்ன செய்தார்கள் தெரியுமா? அக்காவின் கார்டை முடக்கிவிட்டார்கள். போலீசில் புகார் கொடுத்த ரசீதும் கேட்டார்கள்.

வங்கியையும் இதில் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நமக்குத் தெரியாமல் யாரோ பணம் எடுத்தால் அது மோசடி. அப்போது கார்டை உடனே முடக்குவதுதான் சரி. அக்காவுக்கு நடந்தது வேறு. கார்டைக் கொடுத்தது அவங்க, பின் நம்பர் போட்டதும் அவங்க. ஒரு பில்லுக்கு இரண்டு பற்று விழுந்ததுதான் தகராறு. இரண்டுக்கும் வங்கியில் விசாரணை வெவ்வேறு வழியில் போகும். தப்பான வார்த்தையை எழுதினால் கடிதம் தப்பான மேஜைக்குப் போய்விடும்.

அதனால் இந்த மாதிரிக் கடிதத்தில் முக்கியமானது ஒன்றே ஒன்று. எந்தப் பற்று சரி என்று நாமே முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு எந்தப் பற்று தவறு என்று நம்பரோடு காட்ட வேண்டும். "இரண்டு தடவை எடுத்துட்டாங்க" என்று மட்டும் எழுதினால், அந்த இரண்டில் எதைத் திருப்பித் தருவது என்று அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நாம் இரண்டு பொருள் வாங்கியிருக்கலாம் என்றுகூட நினைப்பார்.

அந்த நம்பர் எங்கே இருக்கிறது?

கார்டு போடும் ஒவ்வொரு தடவையும் அதற்கென்று 12 இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. சிலிப்பில் RRN என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் அது இருக்கும். பெரும்பாலும் வங்கியில் எடுக்கும் கணக்கு அறிக்கையிலும் இருக்கும். அங்கே காணோம் என்றால் கவுன்ட்டரில் கேட்டு வாங்கலாம். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி இது. தேதியும் தொகையும் கடையும் ஒன்றாகவே இருக்கிற இரண்டு பற்றையும் பிரித்துக் காட்ட இந்த நம்பரை விட்டால் நல்ல வழி இல்லை.

18ஆம் தேதி அக்காவோடு நாங்களும் போய்க் கணக்கு அறிக்கை வாங்கினோம். அதில் 8,450 ரூபாய்க்கு இரண்டு வரிகள், இரண்டு வேறு நம்பர்கள். கையில் இருந்த சிலிப்பின் நம்பர் இரண்டாவது வரியோடு ஒத்துப்போனது. அப்படியானால் இரண்டாவது பற்றுதான் சரி. சிலிப் வராத முதல் பற்றுதான் தவறு. அக்கா அதுவரைக்கும் "ரெண்டாவதா எடுத்ததுதான் தப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தாங்க. நம்பரைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் தெளிவானது.

19ஆம் தேதி கடைக்குப் போனோம். கடைக்காரர்கள் தினமும் இரவு கார்டு மெஷினில் கணக்கு முடிப்பார்கள். அப்போது ஒரு நீளச் சீட்டு வரும். அன்றைக்கு எத்தனை தடவை, எவ்வளவு பணம் வந்தது என்று அதில் இருக்கும். 12ஆம் தேதிச் சீட்டில் 8,450 ரூபாய் ஒரு தடவைதான் இருந்தது. முதலில் போன பணம் கடைக்கு வரவே இல்லை, வழியில் நின்றுவிட்டது. கடைக்காரர் அந்தச் சீட்டின் நகலைக் கொடுத்தார். "ஒரு மெஷின் விற்றேன், ஒரு தடவைதான் பணம் வந்தது" என்று எழுதி, முத்திரையும் போட்டுக் கொடுத்தார். சண்டை போடாமல் கேட்டதால்தான் இது கிடைத்தது.

அக்கா கொடுத்த கடிதம்

20ஆம் தேதி கொடுத்த கடிதத்தை அப்படியே தருகிறோம். உங்கள் தேதி, தொகை, நம்பர்களைப் போட்டு எழுதிக்கொள்ளலாம்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, செல்போன் எண்)

பெறுநர்: கிளை மேலாளர், (கணக்கு வைத்திருக்கும் வங்கி, கிளை)

நாள்: 20.03.2024

பொருள்: ஒரே பில்லுக்கு இரண்டு முறை பற்று வைக்கப்பட்டது – தவறான பற்று ரூ.8,450 திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மா,

தங்கள் கிளையில் எனது சேமிப்புக் கணக்கு எண் ........ . எனது ஏடிஎம் கார்டின் கடைசி நான்கு எண்கள் 5218.

12.03.2024 அன்று (கடையின் பெயர், ஊர்) கடையில் தையல் மெஷின் ஒன்று ரூ.8,450க்கு வாங்கினேன். முதல் முறை கார்டு போட்டபோது தொடர்பு கிடைக்காமல் சிலிப் வரவில்லை. அதனால் இரண்டாம் முறை போட்டேன். அப்போது சிலிப் வந்தது. ஆனால் என் கணக்கில் இரண்டு முறையும் பணம் கழிக்கப்பட்டுள்ளது.

பற்று 1: 12.03.2024, பிற்பகல் 2.41, ரூ.8,450, எண் 407214013386. சிலிப் வரவில்லை. இது தவறான பற்று.

பற்று 2: 12.03.2024, பிற்பகல் 2.46, ரூ.8,450, எண் 407214013419. சிலிப் உள்ளது. இது சரியான பற்று. இதை ஒப்புக்கொள்கிறேன்.

பற்று 1-க்கான தொகை தங்களுக்கு வரவில்லை என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்துள்ளார். எனவே அந்த ரூ.8,450ஐ என் கணக்கில் வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி 5 நாட்களுக்கு மேல் ஆன தாமதத்திற்கு உரிய இழப்பீட்டையும் சேர்த்து வரவு வைக்க வேண்டுகிறேன்.

இது மோசடிப் புகார் அல்ல. 15.03.2024 அன்று நான் கொடுத்த மனுவில் தவறாக எழுதப்பட்டுவிட்டது. முடக்கப்பட்ட என் கார்டை மீண்டும் இயக்கவோ, புதிய கார்டு தரவோ வேண்டுகிறேன்.

இணைப்பு (நகல்கள்):
1. கடை பில், 12.03.2024, ரூ.8,450
2. பற்று 2-க்கான சிலிப்
3. இரண்டு பற்றும் உள்ள கணக்கு அறிக்கைப் பக்கம்
4. வங்கியிலிருந்து வந்த இரண்டு மெசேஜ்களின் நகல்
5. கடைக்காரரின் கடிதமும், அன்றைய கணக்கு முடிப்புச் சீட்டும்

இப்படிக்கு,
(கையொப்பம்)

அவ்வளவுதான் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. தமிழில்தான் எழுதினோம். ஏழை, பாழை என்று ஒரு வார்த்தை இல்லை. யாரையும் திட்டவும் இல்லை. படிப்பவர் விரலை வைத்துச் சரிபார்க்கக் கூடியவை மட்டும்தான் அதில் இருக்கின்றன.

கடிதத்தில் எழுதக் கூடாததும் உண்டு. கார்டின் முழு எண்ணை எழுத வேண்டாம், கடைசி நான்கு போதும். பின் நம்பர், கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண், செல்போனுக்கு வரும் ஓடிபி இவற்றை எந்த வங்கிக்கும் எழுதவோ சொல்லவோ தேவையே இல்லை. "ரெண்டாவது தடவை போன பணத்தைத் திருப்பித் தர்றோம், ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் அது ஏமாற்று வேலை. வங்கிக்கு நாம் போன் செய்வதானால் கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிட்ட எண்ணுக்கு மட்டும் செய்யுங்கள்.

இணைப்பில் நகல்தான் வைக்க வேண்டும், அசல் நம்மிடமே இருக்கட்டும். சிலிப் விஷயத்தில் இன்னொன்று. அது சூட்டில் அச்சாகும் காகிதம். பர்சுக்குள்ளேயும் வெயிலிலும் இருந்தால் சில மாதங்களில் எழுத்து அழிந்து வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

யாரிடம் கொடுப்பது, எத்தனை நாள் காத்திருப்பது?

கடை மெஷினில் ஒரு வங்கியின் பெயர் எழுதியிருக்கும். பலர் நேராக அந்த வங்கிக்குப் போய்விடுகிறார்கள். அது கடைக்காரருடைய வங்கி. நாம் போக வேண்டியது நமக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. கடை வங்கியிடம் கேட்டு வாங்குவது நம் வங்கியின் வேலை.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போனோம். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கினோம். புகார் எண்ணும் கேட்டு அதே தாளில் எழுதிக்கொண்டோம். இந்த முத்திரை இல்லை என்றால் புகார் கொடுத்ததற்கே சாட்சி இல்லை.

இப்போது கடிதத்தில் சொன்ன 5 நாள் விஷயம். கணக்கில் பணம் கழிந்து, கடையில் சிலிப் வரவில்லை என்றால், அந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாம் கேட்காமலேயே கொடுக்க வேண்டும் என்றுதான் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. அக்காவுக்கு அந்தக் கெடு மார்ச் 17 அன்றே முடிந்துவிட்டது.

ஏப்ரல் 2ஆம் தேதி 8,450 ரூபாய் வந்து சேர்ந்தது. இழப்பீடு வரவில்லை. மார்ச் 18 முதல் ஏப்ரல் 2 வரை எண்ணினால் 16 நாள். ஆக 1,600 ரூபாய் வர வேண்டும். 4ஆம் தேதி, முதல் கடிதத்தின் முத்திரை நகலை வைத்து, இந்தக் கணக்கை மட்டும் நான்கு வரியில் எழுதிக் கொடுத்தாங்க. 12ஆம் தேதி அதுவும் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாருக்கும் இந்த 100 ரூபாய் கிடைக்காது. இரண்டு தடவையும் சிலிப் வந்து, கடைக்காரர் கணக்குக்கு இரண்டு தொகையும் போயிருந்தால் அது வேறு வகை. அங்கே மெஷின் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, மனிதர்தான் இரண்டு தடவை போட்டுவிட்டார். அப்போது முதலில் கடைக்குத்தான் போக வேண்டும். அன்றைக்கே, கடையில் கணக்கு முடிக்கும் முன்னால் போனால், கடைக்காரர் அதே மெஷினில் அந்தப் பற்றை ரத்து செய்ய முடியும். ரத்து செய்த சிலிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு முடித்துவிட்டால் அவர் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், அது நம் கணக்கில் ஏறச் சில நாள் ஆகும். அவர் மறுத்தால் நம் வங்கியில் இதே கடிதத்தைக் கொடுக்கலாம். இரண்டு சிலிப்பையும், ஒரே ஒரு பில்லையும் இணைக்க வேண்டும். வங்கி கடைத் தரப்பிடம் விளக்கம் கேட்டு முடிவு செய்யும். அதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

கடிதம் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். cms.rbi.org.in என்ற இணையதளத்தில் புகாரைப் பதியலாம். முதலில் வங்கியில் கொடுத்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். முத்திரை வாங்கிய அந்தப் பிரதி அங்கேதான் உதவும். 30 நாள் முடிந்த பிறகு நாளைக் கடத்தாதீர்கள், அதற்கும் காலக்கெடு உண்டு.

தையல் அக்கா ஏப்ரல் மாதக் கூட்டத்தில் இரண்டு தவணையையும் சேர்த்துக் கட்டினாங்க. பாக்கி என்று எழுதியிருந்த பக்கத்துக்கு எதிரே, நடந்ததைக் குழு ஒரு தீர்மானமாக எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. அந்தக் கடித நகல் இப்போது அவங்க பாஸ்புக்குக்குள் மடித்து இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கில் பதிவு போட்டு எடுத்து வாங்க. கார்டு போட்ட சிலிப் இருந்தால் அதையும் கொண்டு வாங்க. அந்த 12 இலக்க நம்பர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருத்தர் சிலிப்பிலும் சேர்ந்து பார்ப்போம்.